மடுவிலிருந்து வந்த ஆறு நிமிடங்கள்

பத்திரிகை அலுவலகத்தில் துணை ஆசிரியர் மேசையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். எதைப் படித்தாலும் கையில் பென்சில் இருக்கும். கடந்த 2025 மாசி மாதக் கடைசியில், ரொறன்ரோவில் பனி மலையாகக் குவிந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு நான் திருத்த உட்கார்ந்தது ஒரு செய்தியை அல்ல. என் நண்பன் ஒருவனுடன் இரண்டரை ஆண்டுகளாக வட்ஸ்அப்பில் நடந்த உரையாடலை.

அவன் மடுத் திருப்பதிக்கு அண்மையில் உள்ள ஒரு கிராமத்தில் வாழ்கிறான். தொண்ணூறுகளில் எங்கள் பத்திரிகைக்கு அவன் பிரதேச நிருபர். மடு ஆலய வளவு அப்போது அகதி முகாமாக இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மரங்களின் கீழே கொட்டில் போட்டிருந்தன. அவற்றில் ஒரு கொட்டில் அவனுடைய குடும்பத்துடையது. அங்கிருந்து கொப்பித் தாளில் எழுதிய செய்திகளை யாராவது பயணிகளின் கையில் கொடுத்தனுப்புவான். சில வேளை கூடவே ஒரு படமும் வரும். நான் வெட்டித் திருத்தித் தலைப்பிட்டுப் போடுவேன். எங்கள் நட்பு அப்படித்தான் வளர்ந்தது: அவன் எழுத, நான் வெட்ட. பிறகு நான் நாடு விட்டேன். 2008இல் போர் மடுவுக்கு வந்தபோது மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவனும் இடம்பெயர்ந்தான். பல ஆண்டுகள் தொடர்பே இல்லை.

2022 ஆடி மாதம், எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற நாட்களில், அவனுடைய மகளின் கைபேசியிலிருந்து ஒரு செய்தி வந்தது. "மச்சான், நான்தான். உயிரோட இருக்கிறியோ?" அன்றிலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு கிழமையும் பேசிக்கொண்டோம். அவன் ஒரு விரலால் மெல்ல மெல்லத் தட்டுவான். களைத்துவிட்டால் குரல் பதிவு அனுப்புவான். பாலைப்பழம் வந்துவிட்டதையும், யானை வந்து வேலியை முறித்ததையும், திருவிழாவுக்கு வந்த சனம் காட்டுக்குள் எவ்வளவு தூரத்துக்குக் கூடாரம் அடித்திருக்கிறது என்பதையும் அவன் சொல்லக் கேட்டுக்கொண்டு நான் இங்கே பனி வழித்திருக்கிறேன்.

2024 மார்கழி வந்தபோது அந்த உரையாடல் ஆறிப்போயிருந்தது. நான் எழுதினால் "ஓம்" என்று வரும். "சரி" என்று வரும். பல நாட்களில் ஒரு கட்டைவிரல் மட்டும். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருவரை ஒருவர் ஏசவில்லை. அதனால்தான் எங்கே பிழைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. "கோபமோ?" என்று கேட்க மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன். கேட்பதற்கு முன்னால் பழையதை ஒருமுறை படித்துப் பார்ப்போம் என்று தோன்றியது.

இப்படி ஆறிப்போன உரையாடல் வாசகர்கள் பலருடைய கைபேசியிலும் இருக்கும் என்பது என் ஊகம். ஆகவே நான் என்ன செய்தேன், எங்கே ஏமாந்தேன் என்பதை ஒழுங்காகவே எழுதுகிறேன்.

கைபேசித் திரையில் படித்தால் ஒரு நேரத்தில் ஏழெட்டுச் செய்திதான் தெரியும். மேலே தள்ளத் தள்ள, கண்ணில் படுவது நாம் தேடுகிற காயம் மட்டுமே. எனவே அந்த உரையாடலின் பட்டியலில் உள்ள Export chat என்பதைத் தெரிவு செய்து, படங்களும் ஒலிகளும் இன்றி எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் Without media என்பதை அழுத்தி, வந்த கோப்பை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி அச்சிட்டேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் திகதி, நேரம், அனுப்பியவர் பெயர் என்று தொலைவரிச் செய்தி போலவே இருந்தது. பழைய மேசைக்குத் திரும்பிவிட்டதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷந்தான் என்னை முதலில் ஏமாற்றியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் நான் அளந்தது பதில் வர எடுத்த நேரத்தை. எல்லோரும் முதலில் அதைத்தான் அளப்பார்கள். முன்பு அன்றைக்கே வந்த பதில் இப்போது மூன்று நாள் கழித்து வருகிறது, ஆகவே மனம் விலகிவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் அச்சிட்ட தாளைப் பொறுமையாகப் படித்தபோது அந்தக் கணக்கு நிற்கவில்லை. 2023 ஆவணியில், மடுத் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு, ஒன்பது நாட்களாக அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. பத்தாம் நாள் ஐந்து நிமிடக் குரல் பதிவு வந்தது. வீட்டில் பதினேழு விருந்தாளிகள், கிணற்றில் தண்ணீர் இறைத்தே தோள் போய்விட்டது என்று. உரையாடல் முழுவதிலும் மிகவும் சூடான பதில் அதுவாகத்தான் இருக்கும். அதே ஆண்டு ஐப்பசியிலும் இடைவெளி விழுந்திருக்கிறது. அது காலபோக விதைப்பு நேரம், மழையை நம்பிய பெரும்போகத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். மாறாக, 2024 மார்கழியில் வந்த "ஓம்" ஒன்று இரண்டு நிமிடத்தில் வந்திருந்தது. தாமதத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கையில் கைபேசி இல்லாதது அவற்றில் முதன்மையானது. நேரக் கணக்கை அடித்துவிட்டு, வேறு எதைப் பார்ப்பது என்று யோசித்தேன்.

பென்சிலால் இரண்டே இரண்டு குறிகளை இடுவதென்று தீர்மானித்தேன். ஒரு நாள் பேச்சை யார் தொடங்கினார் என்பதற்கு ஒரு கோடு. அவன் என்னைக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். நான் கேட்ட கேள்விகளை முதலில் விட்டுவிட்டேன். ஒருவன் நம் கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையினாலும் இருக்கலாம். கேட்காமல் தானாக வந்து பேசுவதும், நம்மைப் பற்றிக் கேட்பதும் மரியாதைக்காகச் செய்கிற காரியங்கள் அல்ல.

வட்டங்கள் கதையைச் சொல்லிவிட்டன. தொடக்கத்திலிருந்து 2024 ஐப்பசி நடுப்பகுதி வரை ஏறத்தாழ எல்லாப் பக்கத்திலும் வட்டங்கள். "பனி கொட்டுதோ?" "முழங்கால் நோ எப்பிடி?" "அங்க சுறா மீன் வாங்கலாமோ?" "எப்ப வாறாய்?" பேச்சைத் தொடங்கிய கோடுகளும் அவன் பக்கம் பாதி, என் பக்கம் பாதி. பிறகு ஒரு பக்கத்தில் வட்டங்கள் நின்றுவிட்டன. அதற்குப் பின்னால் நான்கு மாதத் தாளில் ஒரு வட்டமும் இல்லை. அவன் தொடங்கிய கோடு ஒன்றே ஒன்று, நத்தார் வாழ்த்துப் படம். அதுவும் எங்கிருந்தோ வந்து எல்லோருக்கும் போனது.

பதில்கள் குறுகிப்போனது மார்கழியில். கேள்விகள் நின்றுபோனது அதற்கு இரண்டு மாதம் முந்தி. இடையில் அவன் மரியாதையாக இரண்டு மூன்று வரிகளில் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அதனால் நான் தேட வேண்டிய இடம் மார்கழி அல்ல. உலை அணைந்த பிறகும் சோறு கொஞ்ச நேரம் சூடாக இருக்கும் அல்லவா, அப்படித்தான். ஆறியதை உணர்ந்த நாளில் தேடினால் அணைந்த நாள் அகப்படாது. கடைசி வட்டம் இருந்த பக்கத்துக்குத் திரும்பிப் போனேன்.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்ததைக் காண எனக்கே கூச்சமாக இருந்தது.

1999 கார்த்திகை 20ஆம் திகதி இரவு மடு ஆலய வளவுக்குள் எறிகணைகள் வீழ்ந்தன. அடைக்கலம் தேடி வந்திருந்த மக்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2024 கார்த்திகையில் அதற்கு 25 ஆண்டுகள். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். அந்த இரவில் அவன் அங்கே இருந்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டரை ஆண்டுப் பேச்சில் அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஐப்பசி 14ஆம் திகதி நான் கேட்டேன். "அந்த இரவைப் பற்றி உனக்கு ஞாபகமுள்ளதைச் சொல்ல முடியுமா? கட்டுரைக்கு வேண்டும்." மூன்று நாள் கழித்து அவனிடமிருந்து வந்தது தாளில் இப்படி இருந்தது:

```
17/10/2024, 10:12 - மடு: <Media omitted>
```

அவனுடைய எண்ணை "மடு" என்று சேமித்து வைத்திருந்தேன். அங்கே அப்போது இரவு ஏழு மணி நாற்பத்திரண்டு நிமிடம். அதே நாள் இரவு பத்து மணிக்கு நான் எழுதிய பதில் அடுத்த வரியில் இருந்தது. "நன்றி மச்சான். முதலாவது எறிகணை விழுந்தது எத்தனை மணிக்கு? அப்போது நீ ஆலயத்துக்கு உள்ளேயா வெளியேயா? வேறு யாரிடமாவது உறுதிப்படுத்தலாமா?"

இரண்டு நாள் கழித்து அவன்: "இரவு. உள்ளுக்குத்தான்."

மேசையில் இருந்த காலத்தில் அவனிடம் இப்படித்தான் கேட்டிருப்பேன். அப்போது அது சரியும்கூட. நிருபரிடம் நேரத்தையும் இடத்தையும் இரண்டாவது சாட்சியையும் கேட்காத துணை ஆசிரியர் சம்பளம் வாங்கத் தகுதியற்றவர். ஆனால் இப்போது அவன் எனக்குச் செய்தி அனுப்பவில்லை. கால் நூற்றாண்டு பேசாத ஒன்றை எனக்குச் சொல்லியிருக்கிறான். அதற்கு நான் மூன்று கேள்விகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் கடைசிக் கேள்வி அவன் சொல்லை நம்பலாமா என்பது.

காரணம் அகப்பட்டுவிட்டது, மன்னிப்புக் கேட்டால் முடிந்தது என்று நினைத்துப் பென்சிலை வைத்தேன். அப்படியே எழுந்து போயிருந்தால் பாதிப் பிழையைத்தான் கண்டிருப்பேன்.

இங்கேதான் முன்னால் சொன்ன ஏமாற்றம். அச்சிட்ட தாள் எனக்கு முழு உரையாடலாகத் தோன்றியது. அது முழுமையானதல்ல. எழுத்தை மட்டும் எடுத்ததால் அவனுடைய குரல் பதிவுகள் எல்லாமே அந்த ஒற்றை வரியாகச் சுருங்கியிருந்தன. என் செய்திகளின் மேல் அவன் இட்ட இதயங்களும் கட்டைவிரல்களும் என் கோப்பில் இருக்கவில்லை. எந்தச் செய்தியைச் சுட்டிப் பதில் எழுதினான் என்பதும் இருக்கவில்லை. எழுதுவதைவிடப் பேசுவதையே விரும்பும் ஒருவனின் உரையாடலை நான் எழுத்தாக மட்டும் எண்ணி வட்டம் போட்டிருக்கிறேன். அவன் கேட்ட கேள்விகளில் எத்தனை அந்தப் பதிவுகளுக்குள் இருந்தனவோ!

கைபேசியை எடுத்து அந்த ஐப்பசி 17ஆம் திகதிப் பதிவைத் தேடிப் பிடித்து மறுபடி கேட்டேன். ஆறு நிமிடம் இருபது செக்கன். முதல் இரண்டரை நிமிடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கட்டுரைக்கு எடுத்தது அந்தப் பகுதியைத்தான். மூன்றாவது நிமிடத்தில் அவன் இரவை விட்டு விலகி, கொட்டில்களைப் பற்றியும் யார் யார் பக்கத்துக் கொட்டிலில் இருந்தார்கள் என்பது பற்றியும் பேசத் தொடங்குகிறான். அந்த இடத்தில் "இது கட்டுரைக்கு உதவாது" என்று அன்றைக்கு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு வந்த ஒரு சொல்லையும் நான் கேட்ட ஞாபகமே இல்லை. ஐந்தாவது நிமிடம் கடந்த பிறகு அவன் குரல் தாழ்கிறது.

"மச்சான், ஒண்டு கேக்க மறந்திட்டன். அந்தக் கொட்டிலுக்கு முன்னால அம்மா நிண்ட படம் ஒண்டு உனக்கு அனுப்பினனான். பேப்பரில போட்டனி. அது உன்னட்ட இருக்கோ? எங்களிட்ட அம்மாவின்ர ஒரு படமும் மிஞ்சேல்ல. 2008ல ஓடேக்க எல்லாம் போட்டுது."

அதுதான் அவன் கேட்ட கடைசிக் கேள்வி. வட்டம் தாளிலேயே இல்லை.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. குரல் பதிவைக் கேட்கத் தொடங்கியவுடன் அனுப்பியவருடைய திரையில் அந்த ஒலிவாங்கிச் சின்னம் நீலமாகிவிடும். வாசித்ததற்கான நீலக் குறியை வேண்டாமென்று நிறுத்தி வைத்திருந்தாலும் குரல் பதிவுக்கான இந்த நீலம் நிற்காது. பாதியில் நிறுத்தினோமா முழுவதும் கேட்டோமா என்பதை அது சொல்லாது. ஆக, நான் கேட்டுவிட்டேன் என்று அவனுடைய கைபேசி அவனுக்குச் சொல்லியிருக்கிறது. தாயின் படத்தைக் கேட்டவனுக்கு, அதைக் காதில் வாங்கிய நண்பன் "எத்தனை மணிக்கு?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் "ஓம்" என்றுகூட எழுதியிருப்பேனோ தெரியாது.

இனி என்ன எழுதுவது? பழைய மேசையில் கற்ற ஒன்று இங்கே உதவியது. முதற்படியை உடனே அனுப்பாதே, எழுதி வைத்துவிட்டுப் படித்துப் பார்.

முதற்படி இது: "மச்சான், ஏன் பேசுகிறாய் இல்லை? என்னோடு கோபமா?" இதில் பிழை என்னவென்றால், பாரம் முழுவதும் அவன் தலையில் ஏறுகிறது. கோபமென்றால் விளக்க வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்கு வருகிற பதில் எல்லோருக்கும் தெரியும்: "சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை." அதோடு கதவு மூடிவிடும்.

இரண்டாவது படி ஒரு பக்கம் நீண்டது. ஒன்றுவிடாமல் மன்னிப்புக் கேட்டிருந்தேன். முதுமை, ஞாபக மறதி, பத்திரிகைப் புத்தி எல்லாம் அதில் இருந்தன. மறுநாள் படித்தபோது அது முழுவதும் என்னைப் பற்றியதாக இருந்தது. அதைப் படிக்கிறவன் என்னைத் தேற்ற வேண்டும். தாயின் படத்தைக் கேட்டவனை என்னைத் தேற்ற வைப்பது நியாயமில்லை.

மூன்றாவது படியை எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அவன் கேட்டதற்குப் பதில் வேண்டும். நிலவறையில் இருந்த நான்கு பெட்டிகளையும் இறக்கினேன். மூலப் படம் என்னிடம் இல்லை. அது அலுவலகத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் வெட்டி ஒட்டி வைத்திருந்த பழைய கொப்பிகளில் ஒன்றில் அந்தச் செய்தி இருந்தது. கையளவு நறுக்கு. பழைய அச்சுப் படம். கிட்டப் பார்த்தால் வெறும் புள்ளிகள், கையை நீட்டித் தூரப் பிடித்தால் ஒரு கொட்டில், அதன் வாசலில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி ஒரு பெண். யன்னலோர வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர்மேலே கைபேசியைப் பிடித்துப் படம் எடுத்தேன்.

அனுப்பும் நேரத்தையும் மாற்றினேன். வட்டம் தேடிப் படித்தபோது கண்ணில் பட்ட ஒரு சிறு செய்தி அதற்குக் காரணம். 2023இலேயே அவன் சொல்லியிருக்கிறான்: கைபேசி மகளுடையது, காலை ஏழு மணி பஸ்ஸில் அவள் மன்னாருக்கு வேலைக்குக் கொண்டுபோய்விடுவாள், மாலை ஆறுக்குப் பிறகுதான் தன் கையில் வரும் என்று. நான் எப்போதும் இரவுச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்கு எழுதுகிறவன். மடுவில் அப்போது காலை ஏழரை அல்லது எட்டரை. பஸ் போயிருக்கும். என் செய்தி நாள் முழுக்க மகளின் கைப்பையில் கிடந்து, மாலையில் வேறு இருபது செய்திகளோடு சேர்ந்து அவன் கைக்கு வந்திருக்கிறது. அவன் சொன்ன தகவல் என்னிடம் இருந்தும் இரண்டு ஆண்டுகளாக நான் அதைப் பயன்படுத்தவில்லை.

பங்குனி 10ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு, அங்கே மாலை ஆறரைக்கு, அனுப்பினேன். முதலில் படம். பிறகு எழுத்தாக அல்லாமல், அவனைப் போலவே குரலில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக. நான் சொன்னது இவ்வளவுதான். "மச்சான், ஐப்பசியில நீ அம்மாவின்ர படத்தைக் கேட்டனி. உன்ர பதிவை நான் கடைசி வரைக்கும் கேக்கேல்ல. பிழை என்ர. இப்ப தேடினன். படம் என்னட்ட இல்லை, பேப்பர் நறுக்கு மட்டும்தான் இருக்கு. அனுப்பியிருக்கிறன்." முடிவில் கேள்வி எதையும் வைக்கவில்லை. "எப்படி இருக்கிறாய்?" என்பதைக்கூட வேண்டுமென்றே விட்டேன். பதில் சொல்ல வேண்டிய கடமை எதுவும் அதில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஒலிவாங்கி அன்றே நீலமானது. பதில் வரவில்லை. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வரவில்லை. தாமதத்தை அளக்கக் கூடாது என்று நானே தாளில் கண்டுபிடித்திருந்தும், மணிக்கு ஒரு தரம் திரையைப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொரு செய்தி அனுப்பக் கை துடித்தது. அனுப்பவில்லை.

ஐந்தாம் நாள் நாற்பது செக்கன் குரல் பதிவு ஒன்று வந்தது. இம்முறை கடைசிச் செக்கன் வரை கேட்டேன்.

"மச்சான், வாசல்ல நிக்கிறது அம்மா இல்லை. அது பெரியம்மா. நானும் அம்மா எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன். அம்மா பின்னால, அடுப்படியில குந்தியிருக்கிறா. வடிவாப் பார், ஒரு பக்கம் தெரியுது. அக்காவுக்குக் காட்டினனான். அவவும் அம்மாதான் எண்டு சொல்லுறா."

நறுக்கை எடுத்து மறுபடி பார்த்தேன். கொட்டிலின் இருட்டுக்குள், புள்ளிகளுக்கு நடுவே, ஒரு தோளும் குனிந்த தலையும். அந்தப் படத்தை வெட்டித் தலைப்பிட்டுப் பக்கத்தில் ஏற்றியவன் நான். அப்படி ஒருவர் அதில் இருப்பதை அன்றைக்கும் கண்டதில்லை.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்து வருபவை சிறியவை. ஒரு செய்தியில் ஒரு கேள்விக்கு மேல் வைப்பதில்லை. மூன்று கேட்டால் அவன் மிகவும் இலகுவான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்வான் என்பது பழைய தாள் முழுவதிலும் தெரிந்தது. குரலுக்குக் குரலிலேயே பதில் சொல்கிறேன். அவன் சொன்னதில் ஏதாவது ஒன்றை எடுத்துச் சொல்லித்தான் தொடங்குகிறேன், கேட்டேன் என்பதற்கு அதுதான் சாட்சி, நீல நிறம் அல்ல. என் முழங்காலைப் பற்றி அவன் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாமல் உள்ளதைச் சொல்கிறேன். ஒருவன் கேட்கும் கேள்விக்கு வெறும் ஒப்புக்குப் பதில் சொன்னால் அவன் அடுத்த முறை கேட்க மாட்டான். வந்ததை அப்படியே கடத்தி அனுப்பும் வாழ்த்துப் படங்களை நிறுத்திவிட்டேன்.

இவற்றால் எல்லாம் திரும்பிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். 1999ஐப் பற்றி அவன் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. கட்டுரை வெளியாகி முடிந்த விடயம். அதற்காக நான் கொடுத்த விலை கட்டுரையில் இல்லை. முன்பு போல ஐந்து நிமிடப் பதிவுகள் வருவதில்லை, ஒன்றரை நிமிடம்தான். சில கிழமைகளில் பேச்சே இல்லை. இதே மாற்றங்களை வேறொருவர் செய்து பார்த்து ஒன்றும் நடக்காமலும் போகலாம். உறவு ஆறியதற்கான காரணம் உரையாடலுக்கு வெளியே இருந்தால், ஒரு நோய், ஒரு கடன், வீட்டில் ஒரு பிணக்கு என்றால், தாளை எத்தனை தரம் படித்தாலும் அது அதில் அகப்படாது. அப்போது இரண்டொரு தரம் கடமையில்லாத செய்தி அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பதைவிட வேறு வழியில்லை.

ஆனால் வட்டங்கள் திரும்ப வந்திருக்கின்றன. 2025 ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் மாலை, பின்னால் செபமாலைச் சத்தம் கேட்க, பதினைந்து செக்கனில் ஒரு பதிவு வந்தது. "மச்சான், உந்த நறுக்கைக் கொஞ்சம் பெரிசாக்கி, அம்மா இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டி அனுப்பேலுமோ?"

வாழ்நாள் முழுவதும் அவன் அனுப்பியதை வெட்டிக்கொண்டே இருந்தவன் நான். வெட்டித் தரும்படி அவனே கேட்டது அதுதான் முதல் தடவை. அடுத்த நாள் காலை, அதாவது அவனுக்கு மாலை ஆறரை ஆகும்வரை காத்திருந்து, அனுப்பி வைத்தேன்.